விடியற்காலையில் அளந்த ஓடை

மாமாவின் காப்பித் தோட்டத்து ஓடையில் வினாடிக்கு 14 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று ஜனவரி மாதம் நான் எழுதிவைத்த எண்ணில் பிழை எதுவும் இல்லை. அளந்த நேரத்தில் அவ்வளவு தண்ணீர் உண்மையாகவே ஓடியது. ஆனாலும் அந்த எண்ணை நம்பி ஒரு டர்பைனுக்கு வரைபடம் போட்டதும், போன் செய்து, "மாமா, 1.7 கிலோவாட் வரும், வீட்டுக்கும் போதும், லயத்துக்கும் போதும்" என்று வாக்குக் கொடுத்ததும் நான் செய்த தவறுகள். அந்த எண் எப்படிக் கிடைத்தது, எதனால் போதாமல் போனது என்பதை அளந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு பம்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பம்பையும் குழாயையும் நன்றாக அறிவேன், ஆனால் ஓடை எனக்குப் புதிது. மாமாவின் தோட்டம் கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் இருக்கிறது. மின்கம்பம் வந்து நிற்கும் இடத்திலிருந்து தோட்ட வீடு வெகுதூரம் என்பதால், ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்க முடியுமா என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பயணத்துக்கான தயாரிப்பு வேளச்சேரி வீட்டின் அடுக்களையில் நடந்தது. சிறு ஓடையை அளக்க நான் இரண்டு முறைகளைத் தேர்ந்துகொண்டேன். ஒன்று, ஓடையின் குறுக்கே முக்கோண வெட்டு உள்ள பலகையை நிறுத்தி, வெட்டின் வழியாகத் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்று பார்ப்பது. மற்றொன்று, நிறை தெரிந்த உப்பைக் கரைத்து ஊற்றி, கீழே தண்ணீரின் மின்கடத்துத்திறன் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. இலையை மிதக்கவிட்டு அது ஓடும் வேகத்தைக் கணக்கிடும் வழியை நான் தொடவில்லை. பாறை நிறைந்த ஓடையில் நடுவில் ஒரு வேகமும் கரையோரம் ஒரு வேகமுமாகத் தண்ணீர் போகும். குறுக்குவெட்டின் பரப்பையும் அங்கே சரியாக அளக்க முடியாது.

உப்பு முறைக்கு வேண்டிய கருவியை ரிச்சி தெருவில் வாங்கினேன். குடிநீர் இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரின் வகைதான் அது, ஆனால் மைக்ரோசீமென்ஸ் அளவிலும் காட்டக்கூடியது. உப்பைப் பற்றி அம்மா சொன்ன ஒரு வார்த்தை பிறகு மிகவும் உதவியது. சென்னைக் காற்றில் உப்பு எப்போதும் நீர்த்துப் போயிருக்கும். ஈர உப்பை 100 கிராம் என்று நிறுத்தால் அதில் சில கிராம் தண்ணீராகவே இருக்கும், அந்தப் பிழை அப்படியே கணக்கில் ஏறிவிடும். ஆகவே வாணலியில் உப்பை மணல்போலச் சலசலக்கும்வரை வறுத்து, ஆறவைத்து, நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சின்னத் தராசில் 100 கிராம் வீதம் நிறுத்து, ஆறு பொட்டலங்களாகக் கட்டி மூடினோம். பலகையைத் தெரு முனையில் இருக்கும் ஆசாரி, நீர்தாங்கும் ப்ளைவுட்டில் 90 பாகை முக்கோணமாக வெட்டிக் கொடுத்தார். வெட்டின் விளிம்பு மழுங்கலாக இருந்தால் தண்ணீர் பலகையை ஒட்டியே வழியும் என்பதால், விளிம்பு நெடுக மெல்லிய அலுமினியத் தகடு அடித்துக்கொண்டேன். வத்தலக்குண்டில் இறங்கி மலைப் பேருந்து ஏறும்போது, நடத்துநர் அந்தப் பலகையைக் கோயில் தட்டி என்று நினைத்து முன்னிருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்கு ஓடைக்குள் இறங்கினோம். அந்த வேளையை நான் விரும்பியே தேர்ந்தெடுத்தேன்: காற்று இருக்காது, துணி துவைக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள், ஆடுமாடு கலக்கியிருக்காது. அன்று மாலையே சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டும் என்பதும் ஒரு காரணம். உடன் வந்தவர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் காவல்காரர். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. அவர் தலையில் கட்டியிருந்த டார்ச் வெளிச்சத்தில் ஓடை ஒடுங்கும் ஓர் இடத்தில் பலகையை நட்டு, மட்டம் பார்த்து, இருபுறமும் மண் அணைத்தோம். பின்னால் தண்ணீர் தேங்கி, குட்டைபோல் அமைதியாக நின்று, வெட்டின் வழியே மட்டும் வழிய வேண்டும். விழும் தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவே காற்று புகும்படி இடைவெளி தெரிய வேண்டும்.

அடுத்து உயரத்தை அளக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் வெட்டின் மேலேயே அளவுகோலை வைத்துவிடுவார்கள். வழியும் இடத்தை நெருங்கும்போதே தண்ணீரின் மேற்பரப்பு வளைந்து தாழ்ந்துவிடுவதால், அங்கே அளந்தால் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். வழியும் உயரத்தைப்போல நான்கு மடங்குக்குக் குறையாத தொலைவில், குட்டைக்குள் ஒரு கம்பை நட்டு, வெட்டின் அடிமுனைக்குச் சமமான மட்டத்தில் பூஜ்யம் குறித்து அங்கே படிக்க வேண்டும். நான் 80 சென்டிமீட்டர் தள்ளி நட்டேன். மட்டம் நின்றபோது 15.2 சென்டிமீட்டர் காட்டியது. 90 பாகை வெட்டுக்கான வாய்பாடு இது:

```
Q = 1.38 × h^2.5
```

h மீட்டரில் இருந்தால் Q வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். 0.152 என்று போட்டால் வினாடிக்கு 12.4 லிட்டர். அடுக்கு இரண்டரை என்பதால் சிறு பிழையும் இங்கே பெரிதாகும். 14 சென்டிமீட்டரை 15 என்று படித்தால் 10.1 லிட்டர் 12 லிட்டராகிவிடும். ஆகவே கம்பைக் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டியிருந்தது. பனிக்காலத்து ஓடையில் முட்டிபோட்டுக் குனிவது எளிய வேலையல்ல.

சரிபார்க்க உப்புக்குப் போனோம். பலகைக்குச் சுமார் 10 மீட்டர் கீழே, ஒரு வாளி ஓடைத் தண்ணீரில் 100 கிராம் உப்பை முழுதும் கரைத்து ஒரே வீச்சில் ஊற்ற அண்ணன் நின்றார். அங்கிருந்து 30 மீட்டர் கீழே நான் மீட்டரோடு நின்றேன். இடையில் தண்ணீர் பாறைகளில் மோதி நன்றாகக் கலந்தது. ஆழமான மடு எதுவும் இல்லை. மடு இருந்தால் உப்பு அதில் தங்கி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், கணக்கு முடிவுக்கே வராது. உப்பு வருவதற்கு முன் மீட்டர் 48 காட்டியது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் அது 1,400 காட்டியதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஊற்றிய சிறிது நேரத்தில் எண் ஏறத் தொடங்கி, 240 வரை போய், மெதுவாக இறங்கி, மீண்டும் 48-க்கு வந்தது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை எழுதிய 40 எண்களிலும் 48-ஐக் கழித்துக் கூட்டினால் 3,000 வந்தது. அதை ஐந்து வினாடியால் பெருக்கினால் 15,000. ஒரு லிட்டர் ஓடைத் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் உப்பு சேர்த்தால் என் மீட்டர் 2.1 ஏறுகிறது என்று அங்கேயே சோதித்து வைத்திருந்தேன். 15,000-ஐ 2.1-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7,140. ஊற்றிய உப்போ 1,00,000 மில்லிகிராம். அதை 7,140-ஆல் வகுத்தால் வினாடிக்கு 14 லிட்டர்.

பலகை 12.4 என்றது, உப்பு 14 என்றது. ஒருமுறை தவறியிருக்கலாம் என்று எதிர்க்கரையில் மீட்டரை வைத்து இன்னொரு பொட்டலத்தை ஊற்றினோம். அப்போதும் 14-ஐ ஒட்டியே வந்தது. இரு கரையிலும் ஒரே விடை வந்தால் உப்பு நன்றாகக் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆகவே சந்தேகம் பலகையின் மேல் திரும்பியது. அண்ணன் ஒரு பிடி செம்மண்ணைக் கரைத்துப் பலகையின் பின்புறம் அடியில் மெல்ல விட்டார். சிவப்புக் கோடு வெட்டை நோக்கி மேலே வராமல், பலகையின் இடது மூலையில் அடியாகப் புகுந்து மறைந்தது. வினாடிக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேலாக, கண்ணுக்குத் தெரியாமல் கூழாங்கற்களின் அடியில் போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய்த் துண்டை மடித்துப் போட்டு, மேலே களிமண் அப்பி அடைத்தோம். மட்டம் மெல்ல ஏறி, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு 16 சென்டிமீட்டரில் நின்றது. 16-க்கான கணக்கு 14.1 லிட்டர். இரண்டு முறையும் ஒத்துவந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அன்று பகலில், கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாயைக் கொண்டு, தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து டர்பைன் வைக்கும் இடம்வரை ஆள்மட்ட உயரம் ஆள்மட்ட உயரமாக இறங்கி அளந்தோம். மொத்தம் 31.4 மீட்டர் வந்தது. குழாய்க்குள் காற்றுக்குமிழ் ஒன்று நின்றாலும் மட்டம் பொய் சொல்லும் என்பதைத் தவிர இந்த வேலையில் சொல்ல அதிகம் இல்லை.

சென்னைக்கு வந்து கணக்குப் போட்டேன். ஓடைக்கு 2 லிட்டர் விட்டுவிட்டு 12 லிட்டர் எடுக்கலாம். 140 மீட்டர் நீளத்துக்கு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் போட்டால் உராய்வில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் போகும். நிகர உயரம் 29 மீட்டர். 9.81-ஐ 12-ஆலும் 29-ஆலும் பெருக்கினால் 3,400 வாட்டுக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய அமைப்பில் டர்பைன், பெல்ட், ஜெனரேட்டர் எல்லாம் தின்றதுபோகப் பாதி கிடைத்தால் நல்லது. அப்படித்தான் 1.7 கிலோவாட் வந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான பொறியாளரிடம் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கும் முன்பே என் அளவுக் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "அளந்தது எந்த மாசம்?" என்று கேட்டார். ஜனவரி என்றேன். "எத்தனை மணிக்கு?" விடியற்காலை என்றேன். "வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச கையோட போய், ஒரு நாள்லயே தண்ணி அதிகமா இருக்குற நேரத்தையும் பார்த்து அளந்திருக்கீங்க" என்றார். மாதம் பற்றி அவர் சொன்னது உடனே புரிந்தது. நேரம் பற்றிச் சொன்னது புரியவில்லை.

மார்ச் முதல் வாரம், கோடை மழை தொடங்குவதற்கு முன், மூன்று நாள் விடுப்பில் மீண்டும் போனேன். இந்தமுறை பலகையை நன்றாக அடைத்து நட்டுவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை கம்பைப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். இரவில் அண்ணனும் நானும் முறை வைத்து விழித்தோம். முதல் நாள் காலை 6 மணிக்கு 12 சென்டிமீட்டர், அதாவது 6.9 லிட்டர். ஜனவரியில் ஓடியதில் பாதி. எட்டு மணி அளவில் மட்டம் திடீரென்று அரை சென்டிமீட்டர் விழுந்து, ஒன்பதரைக்கு ஏறக்குறைய பழைய இடத்துக்கே திடீரென்று ஏறியது. அதற்குப் பிறகு வந்த இறக்கம் வேறு விதமாக இருந்தது. ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு மில்லிமீட்டர்போல, விட்டுவிடாமல் இறங்கிக்கொண்டே போய், மாலை நான்கரைக்கு 10.9-இல் நின்றது. அது 5.4 லிட்டர். இருட்டிய பிறகு அதே நிதானத்தில் ஏறத் தொடங்கி, மறுநாள் விடியும்போது மீண்டும் 12-ஐத் தொட்டது.

காலையில் வந்த திடீர் விழுக்காட்டுக்குக் காரணம் மேலே நடந்து போனதும் கிடைத்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஓடையில் ஓஸ் போட்டு மிளகுக் கொடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மனிதர் எடுக்கும் தண்ணீர் வரைபடத்தில் படிக்கட்டுப்போலத் தெரியும்: சட்டென்று இறங்கும், சட்டென்று ஏறும். நிதானமாக வளைந்து இறங்கியதற்கு மேலே யாரும் இல்லை. அண்ணனிடம் கேட்டபோது, "வெயில் ஏறினா ஓடை இளைச்சுரும் தம்பி, பாத்தி கட்டித் தண்ணி பாய்ச்சுனவனுக்கு இது தெரியும்" என்றார். வெயில் நேரத்தில் ஓடையோரத்து மரங்களின் வேர்கள் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி இலைவழியே விடுகின்றன. ஓடைக்கு ஊறி வரவேண்டிய தண்ணீர் அந்த அளவுக்குக் குறைகிறது. இரவில் உறிஞ்சல் நின்றதும் ஊற்று மெல்லத் திரும்புகிறது. ஊற்றை மட்டும் நம்பி ஓடும் கோடை ஓடையில்தான் இது கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் பெரிய வரத்தில் மறைந்துவிடும். இரண்டாம் நாள் தற்செயலாக இதற்கு ஒரு சான்று கிடைத்தது. அன்று பகல் முழுவதும் மஞ்சு மூடி, வெயிலே விழவில்லை. மிளகுக்கு ஓஸ் போடும் படிக்கட்டு அப்படியே இருந்தது, ஆனால் மாலை இறக்கம் 3 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது.

ஆக, ஜனவரியில் நான் அமைதி என்று நினைத்துத் தேர்ந்துகொண்ட விடியற்காலை, ஓடை தன் நாளிலேயே மிகுந்து ஓடும் வேளை. மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரமோ விளக்கு ஏற்றும் மாலை. அது ஓடை மிகவும் இளைத்திருக்கும் வேளையை ஒட்டியே வருகிறது. 12 லிட்டருக்கு வரைந்த டர்பைனை மார்ச் மாலையில் திறந்திருந்தால் பாதி வேகத்தில் சுற்றும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி நடக்காது. நாசில் வாய் பெரிதாக இருந்தால் வருவதைவிட அதிகமாகத் தண்ணீர் வெளியேறி, மேலே உள்ள தொட்டி வற்றும். குழாயின் மேற்பகுதியில் காற்று புகும். 29 மீட்டர் உயரத்தின் அழுத்தம் இல்லாமல் போகும். தண்ணீர் பாதியானால் மின்சாரம் பாதியைவிட மிகவும் கீழே போகும்.

இரவு அடுப்படியில் உட்கார்ந்து மாமாவுடன் புதிய கணக்கைப் போட்டேன். மாலைக் குறைவான 5.4 லிட்டரில் ஓடைக்கு ஒன்றும், மிளகுக்காரருக்கு எப்போதாவது மாலையிலும் வேண்டியிருக்கும் என்று கொஞ்சமும் விட்டு, 4 லிட்டர் என்று வைத்தேன். இவ்வளவு குறைந்த தண்ணீருக்கு அதே குழாயில் உராய்வு மிகச் சிறிது. வடிகட்டி, வளைவு எல்லாவற்றுக்கும் கழித்தும் 30 மீட்டர் நிற்கும். பாதி என்று எடுத்தால் ஏறத்தாழ 590 வாட். மாமாவின் முகம் வாடியது. "மாப்ளே, 1,700-னு சொன்னியே" என்றார். 590 வாட் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 14 யூனிட் வருகிறது என்று சொன்னபோது சற்று நிமிர்ந்தார். இடையில் ஒரு பேட்டரி வைத்தால் பகலில் மிஞ்சுவதை மாலைக்குத் தள்ளலாம். இஸ்திரிப்பெட்டியும் ஹீட்டரும் மட்டும் கிடையாது என்றேன். அத்தையின் முகம் அப்போதுதான் வாடியது.

மழைக்காலத்துத் தண்ணீரை வீணாக்காமல் இருக்க இரண்டு நாசில் உள்ள பெல்டன் வகையைத் தேர்ந்தோம். ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டர் வாய். ஒன்று திறந்தால் 4 லிட்டர், இரண்டும் திறந்தால் 8 லிட்டரும் 1.2 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவும். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மாமா எழுந்துபோய், தாத்தா காலத்திலிருந்து எழுதிவரும் மழைக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். தோட்டங்களில் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் எழுதுவார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம். இந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி இரண்டும் சேர்ந்து 1 அங்குலம் 20 சென்ட். பழைய பக்கங்களைப் புரட்டினால், அந்த இரண்டு மாதங்களிலும் துளி மழையில்லாமல் வெறும் கோடு போட்டிருந்த ஆண்டுகள் ஐந்து இருந்தன. நான் அளந்த மார்ச்கூட நல்ல மார்ச்தான் என்று அந்தக் கோடுகள் சொல்லின. பட்டியலில் 12 மில்லிமீட்டர் நாசில் முனை ஒன்றையும் சேர்த்தேன். அது 2.7 லிட்டரும் ஏறத்தாழ 400 வாட்டும் தரும்; திருகிக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.

பலகையைப் பிடுங்காமல் விட்டுவிட்டு வந்தேன். கம்பில் 10.9-க்கு நேராக அண்ணன் அரிவாளால் ஒரு வெட்டு வைத்திருக்கிறார். மாலை விளக்கேற்றும் முன் ஓடைப் பக்கம் போய், தண்ணீர் அந்த வெட்டுக்கு மேலா கீழா என்று பார்த்து மழை நோட்டிலேயே தேதியோடு எழுதுகிறார். பிவிசி குழாய்க்கு இன்னும் நான் பணம் கட்டவில்லை. மே மாதக் கடைசிவரை எழுதி முடித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன்.